வாய்ச்சொல்லும் 2,340 கனமீற்றரும்: பணம் வராத வேலை மாற்றங்களுக்கு ஓர் உரிமைகோரல் கூற்று

வவுனியாவிலிருந்து வந்த அந்த ஒப்பந்தகாரர் மூன்று உரப்பைகளை என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார். பில்கள், கடிதங்கள், மழையில் நனைந்து காய்ந்த வரைபடங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிறவல் லோட் எழுதிய ஒரு சி.ஆர். கொப்பி. “தம்பி, எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. எனக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் வரவேணும். கேஸை எழுது” என்றார்.

நான் அளவையியலாளன். வன்னியில் நடக்கும் வீதி, குளக்கட்டு வேலைகளுக்கு இறுதிக் கணக்கும் உரிமைகோரல்களும் தயாரிப்பதே என் தொழில். இந்த வழக்கைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நடுத்தீர்ப்புக்குக் கொடுக்கும் உரிமைகோரல் கூற்று ஆங்கிலத்தில்தான் போகிறது, ஆனால் அதற்குள் நிற்கவேண்டிய உண்மைகளைக் களத்தில் பதிபவர்கள் தமிழில் வேலை செய்பவர்கள். எந்தத் தாள் எந்தப் பந்திக்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரியாததால் உழைத்த பணம் கிடைக்காமல் போவதைப் பலமுறை கண்டுவிட்டேன். ஆட்களையும் நிறுவனங்களையும் அடையாளம் தெரியாதபடி விட்டிருக்கிறேன். தொகைகளைக் கணக்குப் பார்க்க இலகுவாக மாற்றியிருக்கிறேன்.

வேலை, முருங்கன் பக்கம் 3.8 கிலோமீற்றர் கிராமிய வீதி. ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத் தொகை 84,000,000 ரூபா. நிபந்தனைகள், கட்டுமான ஒப்பந்தங்களுக்குச் சர்வதேசப் பொறியியலாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட 1999ஆம் ஆண்டின் சிவப்புப் புத்தகம், அதற்கு மேல் சில விசேட நிபந்தனைகள். செய்த வேலையை அளந்து, கணியச் சிட்டையில், அதாவது பி.ஓ.கியூ.வில், உள்ள வீதத்தால் பெருக்கிப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் அது. பிணக்கு வந்தால் முதலில் பிணக்குத் தீர்ப்புச் சபை, பிறகு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்பு. ஊரில் இதை இணக்கசபையோடு சேர்த்துக் குழப்புவார்கள். இணக்கசபை இரு பக்கத்தையும் சமாதானப்படுத்தப் பார்க்கும். நடுத்தீர்ப்பாளர் சான்றைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார், அது இரு பக்கத்தையும் கட்டும்.

அண்ணை சொன்ன ஒரு கோடி இருபது இலட்சத்தைப் பிரித்துப் பார்த்தபோது அதற்குள் மூன்று வேலைகள் இருந்தன. சேற்றுக்களியை அள்ளிவிட்டுக் கிறவல் போட்டது ஒன்று. குழாய் மதகு போடவேண்டிய இடத்தில் பெட்டி மதகு கட்டியது இன்னொன்று. வீடுகளுக்கும் வயல்களுக்கும் ஏறுவாசல் போட்டுக்கொடுத்தது மூன்றாவது. அவர் இவற்றை ஒரே தொகையாகக் கேட்டு ஏழு கடிதம் எழுதியிருந்தார். ஏழுக்கும் ஒரே பதில்தான் வந்திருந்தது: “பரிசீலனையில் உள்ளது.” சேர்த்துக் கேட்கும்போது மிகப் பலவீனமான வேலையின் குறையைக் காட்டி முழுவதையும் மறுத்துவிடலாம். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சங்கிலி கட்டினேன். யார் கட்டளையிட்டார், எந்த வாசகம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது, எவ்வளவு செய்தோம், என்ன வீதம், எவ்வளவு வந்தது, எவ்வளவு மிச்சம். ஒரு கண்ணி இல்லாவிட்டால் அந்த வேலை கூற்றுக்குள் வராது.

ஏறுவாசல்கள் அப்படித்தான் வெளியே போயின. மொத்தம் 23 வாசல்கள், 610,000 ரூபா. கட்டளை என்று ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. “சனம் வந்து கேட்டுது தம்பி. வீதி உயர்ந்திட்டுது, உழவு மெசின் வயலுக்குள்ள இறங்கேலாது எண்டு. எப்பிடி மாட்டன் எண்டுறது?” அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் 13.1ஆம் வாசகம், வேலை கொடுத்த நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் பொறியியலாளர் கட்டளையிடாமலோ ஒப்புதல் தராமலோ ஒப்பந்தகாரர் நிரந்தர வேலையில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்கிறது. அந்த 610,000 ரூபாவைக் கூற்றில் வைத்தால் எதிர்த்தரப்புக்கு “இவர் கேளாமலே வேலை செய்யும் ஆள்” என்று காட்ட ஒரு கதை கிடைக்கும், அந்தக் கதை பெட்டி மதகின் மேலும் விழும். இரண்டு நாள் பேசிய பிறகு அண்ணை சம்மதித்தார்.

அடுத்தது களி. முருங்கன் களியை மன்னாரில் அறியாதவர் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கே களி இங்கிருந்துதான் போனது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மாரியில் ஊதிப் பசையாகிவிடும். அதன் மேல் வீதி போட்டால் வீதி நிற்காது. வீதித் தொடக்கத்திலிருந்து 1 கிலோமீற்றர் 240 மீற்றரில், அதாவது 1+240இல், தொடங்கி 1+640 வரையான 400 மீற்றரில் அதை அள்ளி எடுத்துக் கிறவல் நிரப்பும்படி பொறியியலாளர் எழுத்தில் கட்டளையிட்டிருந்தார். முதலில் அண்ணையின் சட்டத்தரணி இதை 4.12ஆம் வாசகத்தின் கீழ், முன்கூட்டி அறியமுடியாத நில நிலைமை என்று எழுதலாம் என்றார். நான் மறுத்தேன். கேள்விப்பத்திரத்தோடு வந்த மண் அறிக்கையிலேயே களி இருக்கிறது. இந்த ஊரில் வேலை செய்யும் ஒப்பந்தகாரர் முருங்கன் களியை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் நடுத்தீர்ப்பாளர் அடுத்த பக்கத்தையும் நம்பமாட்டார். நமக்கு அந்த வாசகம் தேவையும் இல்லை, ஏனென்றால் கையில் எழுத்துக் கட்டளை இருக்கிறது.

நீளம் 400 மீற்றர், அகலம் 6.5, ஆழம் 0.9. மொத்தம் 2,340 கனமீற்றர். கணியச் சிட்டையில் இதே வேலைக்கு 350 கனமீற்றர்தான் போட்டிருந்தது, வீதம் 2,400 ரூபா. பொறியியலாளர் அந்த 350க்கு மட்டும் சான்றளித்து 840,000 ரூபா கொடுத்தார். மிச்சம் 1,990 கனமீற்றர்.

உண்மையான சண்டை அளவில்தான் இருந்தது. முதல் 240 மீற்றருக்கு வெட்டிய மட்டமும் நிரப்பிய மட்டமும் எழுதிய தாளில் இரு பக்கமும் ஒப்பமிட்டிருந்தார்கள். மீதி 160 மீற்றருக்கு உதவிப் பொறியியலாளர் வரவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது, வெட்டின குழியை விட்டால் குளமாகிவிடும் என்று நிரப்பிவிட்டார்கள். மூடப்போகும் வேலைக்கு 7.3ஆம் வாசகப்படி பரிசோதனைக் கோரிக்கை அனுப்பியிருந்தது நல்லவேளை. கோரிக்கை கிடைத்தால் தாமதமின்றி வந்து பார்க்கவேண்டும், அல்லது பார்க்கத் தேவையில்லை என்று உடன் அறிவிக்கவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஆனாலும் ஆழம் 0.9 மீற்றர்தான் என்பதற்கு அந்த 160 மீற்றரில் நம்முடைய சொந்த மட்டங்களைத் தவிர வேறு சான்று இல்லை.

இங்கேதான் சி.ஆர். கொப்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, ரிப்பரின் இலக்கம், எத்தனை கியூப், எந்தக் கிடங்கு, இறக்கின இடம், சாரதியின் ஒப்பம். கியூப் என்பது 100 கன அடி, 2.83 கனமீற்றர். அண்ணை கூட்டி வைத்திருந்தது 1,034 கியூப், அதாவது ஏறக்குறைய 2,926 கனமீற்றர். “இதைத்தான் தம்பி கேட்கவேணும்” என்றார். கேட்கமுடியாது. ஒப்பந்தம் அளப்பது இறுக்கி முடிந்த கிறவலை, ரிப்பரில் வருவதோ உதிரிக் கிறவல். ஆனால் 2,926ஐ 2,340ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.25. உதிரிக் கிறவல் உருளை போட்டு இறுகும்போது எதிர்பார்க்கக்கூடிய விகிதம் அதுதான். ஆழம் 0.9 இல்லை, 0.6தான் என்று எதிர்த்தரப்பு சொன்னால் இறுகிய அளவு 1,560 ஆகி விகிதம் 1.88க்குப் போகும். கிறவல் அப்படி இறுகாது. ஒப்பமில்லாத 160 மீற்றருக்கு இந்தக் கொப்பி ஒப்பமாக நின்றது. கூற்றில் அதை உரிமைகோரலாக வைக்காமல், அளவைச் சரிபார்க்கும் சான்றாக வைத்தேன்.

பிறகு வீதம். 350 கனமீற்றருக்குப் போதுமான கிறவல் 6 கிலோமீற்றர் தள்ளி, அனுமதி பெற்ற கிடங்கில் இருந்தது. அதற்கு மேல் அங்கே இல்லை. மிச்சத்தை 27 கிலோமீற்றரிலிருந்து ஏற்றினார்கள். புதிய வீதம் கேட்க 12.3ஆம் வாசகம் நான்கு வாயில்களை வைக்கிறது, நான்கையும் கடக்கவேண்டும். அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறவேண்டும். மாறிய அளவைச் சிட்டை வீதத்தால் பெருக்கினால் ஒப்பந்தத் தொகையின் 0.01 சதவீதத்தைத் தாண்டவேண்டும். இங்கே அது 8,400 ரூபா, நம்முடையது 4,776,000. அந்த அளவு மாற்றமே ஓர் அலகின் செலவை நேரடியாக 1 சதவீதத்துக்கு மேல் மாற்றியிருக்கவேண்டும். கடைசியாக, அந்த இனம் நிலையான வீதம் என்று ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கக்கூடாது. மூன்றாவது வாயிலில்தான் பலர் விழுகிறார்கள். டீசல் விலை ஏறியது என்று எழுதினால் அது அளவு மாற்றத்தால் வந்த செலவு அல்ல. கிட்டிய கிடங்கில் இருந்த கிறவல் 350க்குத்தான் போதும், அளவு கூடியதால்தான் 27 கிலோமீற்றர் போகவேண்டி வந்தது என்று காட்டியபோது காரணமும் செலவும் ஒரே கயிற்றில் வந்தன.

மேலதிக 21 கிலோமீற்றருக்கு, கேள்விப்பத்திரத்தோடு கொடுத்த விலைப் பிரிப்பிலிருந்து கிலோமீற்றருக்கு 45 ரூபா எடுத்தேன். கனமீற்றருக்கு 945 ரூபா. 1,990க்கு 1,880,550 ரூபா. இதை 4,776,000 ரூபாவோடு கலக்காமல் கீழே தனி வரியில் வைத்தேன். நடுத்தீர்ப்பாளர் புதிய வீதத்தை முழுக்க மறுத்தாலும் மேல் வரியில் கை வைக்கக்கூடாது. அந்த மேல் வரிக்கு இரண்டு கால்கள்: 13ஆம் வாசகத்தின் கீழ் அது வேலை மாற்றம், அது இல்லையென்றாலும் 12ஆம் வாசகத்தின் கீழ் அளந்து கொடுக்கவேண்டிய வேலை.

பெட்டி மதகின் கதை வேறு. 2+310இல் குழாய் மதகுக்கு அடித்தளம் வெட்டியபோது, வயல் வெள்ளம் வடிய அது போதாது என்று உதவிப் பொறியியலாளர் களத்தில் நின்றே, பெட்டி மதகு போடுங்கள் என்றார். அது ஒரு வெள்ளிக்கிழமை. எழுத்து எதுவும் இல்லை. வாய்க்கட்டளைக்கு 3.3ஆம் வாசகம் ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டளை வந்து இரண்டு வேலை நாட்களுக்குள் ஒப்பந்தகாரர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். அது கிடைத்து இரண்டு வேலை நாட்களுக்குள் மறுப்போ வேறு கட்டளையோ எழுத்தில் வராவிட்டால் அந்த உறுதிப்படுத்தலே எழுத்துக் கட்டளை ஆகிவிடும். களத்தில் நின்ற அண்ணையின் இளம் பொறியியலாளர் திங்கட்கிழமை மாலை ஆறு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். சனியும் ஞாயிறும் வேலை நாட்கள் அல்ல, எனவே திங்கள் முதல் நாள். செவ்வாயும் புதனும் பதில் இல்லாமல் கழிந்தன. அந்த ஆறு வரியின் பெறுமதி பிறகு 28 இலட்சம் ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

கூற்றில் அந்தப் பகுதியை இப்படி அமைத்தேன்: “22. வெள்ளிக்கிழமை, 2+310இல், உதவிப் பொறியியலாளர் பெட்டி மதகு அமைக்கும்படி வாயால் கட்டளையிட்டார். 23. திங்கட்கிழமை உரிமைகோருநர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தினார் (இணைப்பு 9). 24. புதன்கிழமை முடியும்வரை மறுப்போ வேறு கட்டளையோ எழுத்தில் வரவில்லை. 25. ஆகவே இணைப்பு 9, 3.3ஆம் வாசகத்தின் கீழ் பொறியியலாளரின் எழுத்துக் கட்டளையாகும்.” ஒரு பந்திக்கு ஓர் உண்மை. எதிர்த்தரப்பு தன் பதிலில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதவேண்டி வரும்போது எதை மறுக்கிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும். இவர்கள் 22ஐ மறுத்தார்கள், 23ஐ ஏற்றார்கள். கட்டளையே இல்லையென்றால் மின்னஞ்சல் கிடைத்த அன்றே ஏன் மறுக்கவில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

அவர்கள் எடுத்த இரண்டாவது தடை, உதவிப் பொறியியலாளருக்கு அதிகாரம் இல்லை என்பது. 3.2ஆம் வாசகத்தின் கீழ் பொறியியலாளர் அனுப்பிய அதிகார ஒப்படைப்புக் கடிதம் உரப்பையில் இருந்தது. களக் கட்டளைகள் கொடுக்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதியிருந்தது. மூன்றாவது, மாற்றத்துக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று விசேட நிபந்தனையில் இருந்தது. அதற்கு 3.1ஆம் வாசகத்தின் ஒரு பகுதியே மருந்து. ஒப்புதல் தேவையான ஓர் அதிகாரத்தைப் பொறியியலாளர் பயன்படுத்தினால், ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு அந்த ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். ஒப்புதல் எடுக்காதது அவர்களின் வீட்டுப் பிரச்சினை. ஆனால் ஒன்று பார்க்கவேண்டும்: சில ஒப்பந்தங்களில் விசேட நிபந்தனை அந்தப் பகுதியையே வெட்டியிருக்கும். வெட்டியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

தொகையில் அண்ணை ஒரு தவறு விட்டிருந்தார். பெட்டி மதகின் முழு விலை 3,915,000 ரூபாவையும் கேட்டிருந்தார். போடாமல் விட்ட குழாய் மதகுக்குச் சிட்டையில் 1,120,000 ரூபா இருந்தது. அதைக் கழிக்கவேண்டும். நாமே கழித்து 2,795,000 என்று எழுதினோம். கொங்கிறீற்றுக்கும் கம்பிக்கும் அதே வீதியில் வேறு பெட்டி மதகுக்கு இருந்த சிட்டை வீதத்தையே எடுத்தோம், அதனால் விலையில் சண்டையே வரவில்லை.

கூற்றின் தொடக்கத்தில் தரப்பினர், ஒப்பந்தம், நடுத்தீர்ப்பு உடன்பாடு ஆகியவை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தன. அதற்கு அடுத்த பகுதியில் நின்று வேலை செய்யவேண்டியிருந்தது: நடுத்தீர்ப்புக்கு வரும் வழியை ஒழுங்காகக் கடந்தோமா என்பது. தீர்ப்புச் சபை இரண்டு கோரிக்கையையும் நிராகரித்திருந்தது. 20.4ஆம் வாசகப்படி 28 நாட்களுக்குள் அதிருப்தி அறிவித்தல் கொடுக்காவிட்டால் அந்த முடிவு இறுதியாகிவிடும். 19ஆம் நாள் கொடுத்திருந்தோம். அதன்பின் சமரசத்துக்கான 56 நாட்களும் போகவிட்டுத்தான் நடுத்தீர்ப்பைத் தொடங்கினோம். சபைக்குப் போகாத கோரிக்கை எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

சபை நிராகரித்த காரணம் 20.1ஆம் வாசகம்: மேலதிகப் பணத்துக்கு உரிமை உண்டென்று நினைக்கும் ஒப்பந்தகாரர், காரணமான நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். களி பற்றிய முறையான அறிவித்தல் கட்டளைக்குப் பின் 41ஆம் நாள்தான் போயிருந்தது. இதை மறைக்கவில்லை, நாமே முதலில் சொல்லி மூன்று படியில் பதில் வைத்தோம். ஒன்று, கட்டளையிட்டுச் செய்வித்த வேலையை அளந்து மதிப்பிடுவது பொறியியலாளரின் கடமை. அதற்கு 12, 13ஆம் வாசகங்கள் தமக்கென்று வழிமுறை வைத்திருக்கின்றன, 20.1 அதற்கு வேண்டியதில்லை. இரண்டு, வேண்டுமென்றாலும், கட்டளைக்குப் பின் 24ஆம் நாள் கொடுத்த மாதாந்தக் கூற்றில், அதாவது செய்த வேலைக்குப் பணம் கேட்கும் மாதக் கணக்கில், அந்த இடமும் வேலையும் அளவும் எழுதியிருக்கின்றன, அதுவே எழுத்து அறிவித்தல். மூன்று, புதிய வீதத்தைப் பொறுத்தவரை பிணக்கு தோன்றியது பொறியியலாளர் மறுத்த நாளில், கட்டளையிட்ட நாளில் அல்ல. முதற்படி எல்லா நடுத்தீர்ப்பாளரும் ஏற்கும் வாதம் அல்ல, 20.1இன் சொற்கள் மிக விரிந்தவை. அதனால்தான் மற்ற இரண்டும் மாற்று வாதங்களாகக் கீழே நிற்கவேண்டும். மதகுக்கு இந்தக் கவலை குறைவு, திங்கட்கிழமை மின்னஞ்சலையே அறிவித்தலாகவும் காட்டினோம்.

கேட்ட தொகை கடைசியில் இப்படி நின்றது. களிக்கு 6,656,550, மதகுக்கு 2,795,000, மொத்தம் 9,451,550 ரூபா. அதற்கு மேல் 14.8ஆம் வாசகத்தின் தாமதக் கட்டணம். மத்திய வங்கியின் கழிவு வீதத்தோடு மூன்று சதவீதப் புள்ளி கூட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிடவேண்டும். இங்கே ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 20 மாதத்துக்கு 9,451,550 × (1.01²⁰ − 1), ஏறக்குறைய 2,081,000 ரூபா. தனிவட்டியில் 1,890,000தான் வந்திருக்கும். தொடக்க நாள், மாதாந்தக் கூற்று பொறியியலாளர் கையில் கிடைத்து 56 நாட்களின் முடிவு. சான்றிதழ் தராமல் இழுத்தடித்தாலும் அந்த நாள் தள்ளிப்போகாது என்று வாசகமே சொல்கிறது. இதைத் தெரியாமல் பலர் சான்றிதழ் வந்த நாளிலிருந்து கணக்கிட்டு மாதக்கணக்கான பணத்தை விடுகிறார்கள்.

விசாரணையில் ரிப்பர் சாரதி ஒருவர் வந்து கொப்பியில் இருந்த தன் ஒப்பத்தைக் காட்டினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, கொப்பியில் ஒரு நாளில் மட்டும் ஏன் இரண்டு லோட் குறைவு என்று கேட்டார். “அண்டைக்கு மடுவுக்குப் போற சனம் றோட்டில, விடேல்ல” என்றார் சாரதி. அதற்கு மேல் கொப்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பில் களியின் 1,990 கனமீற்றரும் முழுதாக ஏற்கப்பட்டது. 20.1ஐப் பற்றி நடுத்தீர்ப்பாளர் நம் முதற்படியைத் தொடவே இல்லை, மாதாந்தக் கூற்றே போதிய அறிவித்தல் என்று இரண்டாம் படியில் முடித்துவிட்டார். ஏற்றுக்கூலியில் 45 ரூபாவைக் கிலோமீற்றருக்கு 38 ஆக்கினார். விலைப் பிரிப்பில் இருந்த தொகைக்குள் ஏற்றி இறக்கும் கூலியும் கலந்திருக்கிறது, தூரம் கூடினாலும் அது கூடாது என்பது அவரின் காரணம். அது சரி, நான் கவனித்துக் கழித்திருக்கவேண்டும். அந்த வரி 1,588,020 ஆயிற்று. மதகுக்குக் கேட்டது முழுதும். மொத்தம் 9,159,020 ரூபா, தாமதக் கட்டணம் அந்தத் தொகைக்கு ஏற்ப.

தீர்ப்பை இரத்துச் செய்ய மேல்நீதிமன்றம் போவதற்கு 60 நாட்கள் உண்டு. அண்ணை ஒவ்வொரு திங்களும் அழைத்து எத்தனை நாள் போயிற்று என்று கேட்டார். அவர்கள் போகவில்லை. பணம் வந்த கிழமை அவர் ரிப்பர்காரர்கள் மூவருக்கும் கிறவல் கிடங்குக்காரருக்கும் இருந்த பாக்கியைக் கொடுத்து முடித்தார். பிறகு சி.ஆர். கொப்பியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.